ஒரு மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது?

கிள்ளானில் இருக்கும் என் மாமா எதையும் தூக்கிப் போடமாட்டார். பழைய மின்கட்டண ரசீது, திருமண அழைப்பிதழ், கோவில் திருவிழா நன்கொடைச் சீட்டு எல்லாம் அவருடைய கோப்புகளில் வருடவாரியாகத் தூங்குகின்றன. கடந்த விடுமுறையில் அவற்றை அடுக்கிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அப்போது 2016 என்று எழுதிய கோப்பிலிருந்து மஞ்சள் நிறத் தாள் ஒன்று விழுந்தது. அவர் குடியிருப்பாளர் சங்கச் செயலாளராக இருந்தபோது வீடு வீடாகக் கொடுத்த கூட்ட அறிவிப்பு அது.

“நமது தொகுதியின் எல்லை மாறப்போகிறது. புதிய வரைபடம் எப்படி வரையப்பட்டது, அதை எப்படி ஆட்சேபிக்கலாம் என்பதை விளக்கக் கூட்டம். நாள்: 25 செப்டம்பர் 2016, ஞாயிறு. அனைவரும் வருக. ஒரு மாதத்திற்குள் ஆட்சேபனை கொடுக்கவேண்டும்.”

அவ்வளவுதான். கடைசி வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்து, ஓரத்தில் ‘14/10’ என்று எழுதியிருந்தார். “ஏன் மாமா அடிச்சீங்க?” என்று கேட்டேன். “அந்த ஒரு வரியால நாங்க அஞ்சு பேர் ரெண்டு நாள் தூங்கலம்மா” என்றார்.

அந்த வரியில் என்ன தவறு என்று புரிய வேண்டுமானால், அந்த ஆண்டு என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பறையிலும் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. ஆகவே மாமாவிடம் கேட்டதையும் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 13ஆவது அட்டவணையில் படித்ததையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அட்டவணை சில பக்கங்கள்தான். பயப்படவேண்டாம்.

தேர்தல் ஆணையம் 2016 செப்டம்பர் 15ஆம் தேதி தீபகற்ப மலேசியாவுக்கும் சபாவுக்கும் தொகுதி எல்லை மறுசீரமைப்புப் பரிந்துரைகளை வெளியிட்டது. சிலாங்கூரில் நாடாளுமன்றத் தொகுதிகள் 22, சட்டமன்றத் தொகுதிகள் 56. அந்த எண்ணிக்கை மாறவில்லை. எந்தத் தெரு எந்தத் தொகுதிக்குள் வரும் என்பதுதான் மாறியது. சில பெயர்களும் மாறின. பெட்டாலிங் ஜெயா உத்தாரா டாமான்சாரா ஆனதும், செர்டாங் பாங்கி ஆனதும் அந்த மறுசீரமைப்பில்தான்.

சட்டம் ஆட்சேபனைக்குக் கொடுக்கும் காலம் ஒரு மாதம். அந்த மாதம் ஆணையத்தின் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. நமக்குத் தகவல் தெரிந்த நாளோ, சங்கம் கூட்டம் போட்ட நாளோ கணக்கில் வராது. செப்டம்பர் 15இல் தொடங்கிய மாதம் அக்டோபர் 14இல் முடிந்தது. மாமாவின் தாளை 25ஆம் தேதி கூட்டத்தில் கையில் வாங்கிய ஒருவர், அக்டோபர் 25 வரை நேரம் இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பத்து நாள் அதற்குள் கழிந்துவிட்டது. மிச்சம் இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு.

வரைபடம் எந்தச் செங்கலால் கட்டப்படுகிறது?

கூட்டத்துக்கு வந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, “வீட்டு வரி கூடுமா?” என்பதாம். ஒருவர் நிலப் பட்டாவையே எடுத்து வந்திருந்தார். இது தேர்தல் எல்லை மட்டுமே. நகராண்மைக் கழகத்தின் எல்லை, நிலத்தின் எல்லை, அஞ்சல் குறியீடு, பிள்ளை படிக்கும் பள்ளி எதையும் இது தொடாது. நாம் யாருடைய பெயருக்கு எதிரே சிலுவைக்குறி போடப்போகிறோம் என்பதை மட்டும் மாற்றுகிறது. அறிவிப்பின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் மிஞ்சியிருக்கும் என்றார் மாமா.

அடுத்தது, வரைபடம் எப்படி உருவாகிறது என்பது. யாரோ ஒருவர் பேனாவை எடுத்துத் தாளில் கோடு இழுக்கிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. மலாயில் ‘டாயிரா மெங்குண்டி’ எனப்படும் வாக்களிப்பு வட்டாரம்தான் இங்கே செங்கல். ஒரு தாமான், ஒரு கம்போங், சில தெருக்கள் சேர்ந்தது ஒரு வட்டாரம். பல வட்டாரங்கள் சேர்ந்து சட்டமன்றத் தொகுதி, சிலாங்கூரில் இரண்டு அல்லது மூன்று சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்து நாடாளுமன்றத் தொகுதி. மறுசீரமைப்பு என்பது பெரும்பாலும் இந்தச் செங்கற்களை ஒரு சுவரிலிருந்து பிடுங்கி மறு சுவரில் வைப்பது.

உங்கள் செங்கல் எது என்று இப்போதே பார்த்துக்கொள்ளலாம். தேர்தல் ஆணையத்தின் MySPR Semak பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் வட்டாரத்தின் பெயரும் ஒரு குறியீடும் வரும். குறியீடு 110/47 என்று தொடங்கினால், 110 என்பது கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதி, 47 பண்டமாரான் சட்டமன்றத் தொகுதி, அதற்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம் வாக்களிப்பு வட்டாரம். புதிய பரிந்துரை வெளியானால், பழைய பட்டியலில் உங்கள் வட்டாரத்தின் பெயரைக் கண்டுபிடித்து, அதே பெயர் புதிய பட்டியலில் எந்தத் தொகுதியின் கீழ் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். வரைபடத்தைவிட இந்தப் பட்டியல்தான் தெளிவாகப் பேசும். வட்டாரத்தின் பெயர் அப்படியே இருந்து வாக்காளர் எண்ணிக்கை மட்டும் திடீரென்று குறைந்தோ கூடியோ இருந்தால், வட்டாரத்தின் எல்லையே வெட்டப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. வட்டாரத்தின் எல்லையை ஆணையம் 1958ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தின்கீழ் வரையறுக்கிறது. நான் இங்கே சொல்லும் ஒரு மாத ஆட்சேபனை வழி தொகுதி எல்லைக்குத்தான், அதற்கு இல்லை.

கணக்குக்கு ஆணையம் எடுத்துக்கொள்வது வாக்காளர் பட்டியலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அல்ல. 2016இல் வாக்களிக்கும் வயது 21, பெயரைத் தானாகப் போய்ப் பதிந்துகொள்ளவும் வேண்டியிருந்தது. பதியாதவர் அந்த வரைபடத்தின் கண்ணுக்குத் தெரியாதவர். பதிந்தவர்களிலும் ஒரு குறை இருந்தது. சிலாங்கூர் பட்டியலில் 136,272 வாக்காளர்களுக்கு முகவரியே இல்லை என்று சொல்லி மாநில அரசு நீதிமன்றத்துக்குப் போனது. ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்று தெரியாமல் அவருடைய அக்கம்பக்கத் தொடர்பைக் காப்பாற்றுவது எப்படி என்பது அந்த வாதத்தின் சாரம். 2017 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. ஆனால் என் கருத்து தீர்ப்பு ஆகாது.

எத்தனை பேர் ஒரு தொகுதியில் இருக்கலாம்? 13ஆவது அட்டவணையின் 2ஆம் பிரிவு, ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறையச் சமமாக இருக்கவேண்டும் என்கிறது. உடனே ஒரு விலக்கும் வைக்கிறது. வாக்காளர்களைச் சென்றடைவது கடினமான கிராமப்புறத் தொகுதிகளுக்குப் பரப்பளவை முன்னிட்டுச் சலுகை தரலாம். அந்தச் சலுகை எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு இன்று எண் வரம்பு கிடையாது. 1957இல் இருந்தது, 15 விழுக்காடு. 1962இல் அதைத் தளர்த்தி, கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதியளவுகூட இருக்கலாம் என்றார்கள். 1973இல் வரம்பே எடுக்கப்பட்டது.

விளைவைச் சிலாங்கூரில் பார்க்கலாம். அப்போது மாநிலத்தின் வாக்காளர்கள் சுமார் 20 லட்சத்து 50 ஆயிரம். 22ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி சுமார் 93,000. பரிந்துரையில் டாமான்சாராவுக்கு 150,000 பேர், சபாக் பெர்ணமுக்குச் சுமார் 37,000 பேர். நான்கு டாமான்சாராக்காரர்களின் வாக்கு ஒரு சபாக் பெர்ணம்காரரின் எடைக்குச் சமம். கிள்ளான் 2013 பொதுத்தேர்தலில் 97,000 வாக்காளர்களோடு சராசரியை ஒட்டி இருந்தது. 2018 பொதுத்தேர்தலில் அதே பெயருள்ள தொகுதியில் 149,000 பேர்.

நூறு பேர், ஆனால் எந்த நூறு?

சரி, ஆட்சேபிக்கலாம். யார்? கருத்துச் சொல்ல யாரும் எழுதலாம், ஆணையம் அதைக் கவனத்தில் எடுக்கவேண்டும். ஆனால் ஆணையம் நம் ஊருக்கு வந்து உட்கார்ந்து கேட்டே ஆகவேண்டும் என்றால், அதாவது உள்ளூர் விசாரணை நடத்தவேண்டும் என்றால், ஆட்சேபனை மூன்று தரப்பில் ஒன்றிடமிருந்து வரவேண்டும். மாநில அரசு. தொகுதி முழுவதுமோ பகுதியோ தன் எல்லைக்குள் இருக்கிற உள்ளாட்சி மன்றம். அல்லது அந்தத் தொகுதியின் நடப்பு வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள நூறு பேரோ அதற்கு மேலோ.

மாமாவின் கூட்டத்துக்கு மண்டபம் நிறையத்தான் ஆள் வந்திருந்தது. அன்றே 112 கையெழுத்து. எல்லாருக்கும் மகிழ்ச்சி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கணக்கு ஆசிரியையான அத்தை, அடையாள அட்டை எண்களை ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். 17 பேர் தேறவில்லை. சிலருக்கு வயது 21 ஆகவில்லை. சிலர் பதிந்தே கொள்ளவில்லை. மூன்று பேர் கிள்ளானில் பத்து வருடமாகக் குடியிருந்தும், வாக்கு இன்னும் பிறந்த ஊரான தெலுக் இந்தானில். மிச்சம் 95. இரண்டு நாள் தூக்கம் போனதன் கதை இதுதான். கையில் இருக்கும் நாளோ அவர்கள் நினைத்ததைவிடக் குறைவு. இரவுச் சந்தையிலும் காலைப் பூசையிலும் நின்று இன்னும் 20 பேரைச் சேர்த்தார்கள். நூறு போதும் என்றால் 115ஆக வைத்துக்கொள் என்பது அத்தையின் கணக்கு.

இந்தத் தவறை நம் வயதுக்காரர்கள் இன்னும் எளிதாகச் செய்வோம். பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் என் தோழிக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு கடையும் தெரியும். அவளுடைய அடையாள அட்டை முகவரி கிள்ளான். ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸ் உள்ள தொகுதியைப் பற்றிய நூறு பேரில் அவளைச் சேர்க்க முடியாது. கிள்ளான் மனுவில் கையெழுத்திடலாம். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்தவர்கள் தானாகவே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள் என்பதால், ‘பதிந்தாயா’ என்ற கேள்வி போய், ‘எந்த முகவரியில்’ என்ற கேள்விதான் பாக்கி.

அடுத்தது மனுவில் என்ன எழுதுவது. “இது அந்தக் கட்சிக்குச் சாதகம்” என்று எழுதத்தான் முதலில் கை போகும். அது உண்மையாகவே இருந்தாலும், 2ஆம் பிரிவில் கட்சி என்ற சொல் இல்லை. அங்கே பிடிமானம் தருவன முக்கியமாக இரண்டு. ஒன்று, நான் மேலே சொன்ன ஏறக்குறையச் சமம் என்ற விதி. மற்றது, எல்லை மாற்றத்தால் வரும் சிரமத்தையும் உள்ளூர்த் தொடர்புகளைப் பேணுவதையும் கருதவேண்டும் என்ற விதி.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ‘அ’ தொகுதியில் 140,000 பேர், பக்கத்தில் ‘ஆ’ தொகுதியில் 90,000 பேர், மாநிலச் சராசரி 93,000. பரிந்துரை, ஆவிலிருந்து 3,000 பேர் கொண்ட ஒரு வட்டாரத்தை அவுக்கு மாற்றுகிறது. இப்போது ‘அ’ 143,000. முன்பே சராசரியைவிடப் பாதி கூடுதலாக இருந்தது இன்னும் கூடிவிட்டது. ‘ஆ’ 87,000. சராசரியை ஒட்டி இருந்தது விலகிப் போய்விட்டது. ஒரே நகர்வில் இரண்டு தொகுதியுமே சமத்திலிருந்து தள்ளிப் போயின. இதை இரண்டே வாக்கியத்தில், இந்த எண்களோடு எழுதலாம். பிறகு அந்த வட்டாரமும் ஆவில் மிஞ்சிய அடுத்த வட்டாரமும் ஒரே தாமானின் இரு பக்கம், ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே குடியிருப்பாளர் சங்கம் என்று தொடர்பைக் காட்டலாம். முடிவில் ‘வேண்டாம்’ என்று மட்டும் நிற்காமல், வட்டாரத்தை இருந்த இடத்திலேயே விடுங்கள், ‘அ’ தொகுதியின் எல்லையோரத்து இன்ன வட்டாரத்தை ஆவுக்குக் கொடுங்கள் என்று மாற்று யோசனையையும் எண்ணோடு வைக்கலாம். வெறும் கோபத்தை ஒதுக்கி வைப்பது எளிது. எண்ணோடு வரும் மாற்று யோசனைக்கு எதிர்தரப்பும் எண்ணோடுதான் வரவேண்டும்.

2016இல் இந்தக் கணக்குகளைப் போடத் தன்னார்வலர்கள் உதவினார்கள். பெர்சே இயக்கம் ஆட்சேபனைகளை எழுத மக்களுக்கு வழிகாட்டியது. திண்டாக் மலேசியா குழுவினர் எல்லைகளைக் கணினி வரைபடமாக்கினார்கள். விசாரணையில் நூறு பேரும் பேச முடியாது, சிலரே பிரதிநிதிகளாகப் பேசுவார்கள் என்பதால், யார் எண்களைச் சொல்வது, யார் தாமானின் கதையைச் சொல்வது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளவேண்டும். மாமாவின் குழுவுக்கு அதற்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. வழக்கு நடந்ததால் சிலாங்கூரின் விசாரணை தள்ளிப்போய், அழைப்பு வர ஓராண்டுக்கும் மேல் ஆனது. அதற்குள் கையெழுத்திட்டவர்களில் இருவர் வீடு மாறிப் போயிருந்தார்கள், ஒருவர் காலமாகிவிட்டார்.

விசாரணைக்குப் பிறகு என்ன? ஆணையம் பரிந்துரையைத் திருத்தினால் மறுபடி அறிவிப்பு, மறுபடி ஒரு மாதம். ஆனால் இரண்டு உள்ளூர் விசாரணைக்கு மேல் நடத்தவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பிறகு அறிக்கை பிரதமரிடம் போகும், அவர் அதை மக்களவையில் வைப்பார், மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் ஆதரிக்கவேண்டும். 2018 மார்ச் 28ஆம் தேதி 129 பேர் ஆதரித்தார்கள், 80 பேர் எதிர்த்தார்கள். மறுநாள் அரசிதழில் வந்தது. மே 9ஆம் தேதி பொதுத்தேர்தல் அந்த வரைபடத்தில்தான் நடந்தது.

“உங்க ஆட்சேபனை ஜெயிச்சதா மாமா?” என்று கேட்டேன். “கேட்டாங்க. குறிச்சுக்கிட்டாங்க. மாத்தல” என்றார். சட்டம் ஆணையத்தை ஆட்சேபனையைக் கேட்கவும் கருதவும் சொல்கிறது, ஏற்கச் சொல்லவில்லை. இதைக் கூட்ட அறிவிப்பிலேயே சொல்லிவிடவேண்டும் என்பது என் எண்ணம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “அதையும் எழுதினா மண்டபத்துக்கு யாரும்மா வருவா?” நாங்கள் இன்னும் இதில் உடன்படவில்லை.

இப்போது ஏன் இந்தப் பழைய தாள்? ஒரு மறுசீரமைப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் குறைந்தது எட்டு ஆண்டுகள் இடைவெளி வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 113ஆவது விதி. 2018 மார்ச்சோடு எட்டைக் கூட்டினால் 2026 மார்ச். அதன் பிறகு ஆணையம் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், தொடங்கினால் இரண்டு ஆண்டுக்குள் முடிக்கவேண்டும். வயது வரம்பு குறைந்து, தானியங்கிப் பதிவும் வந்த பிறகு நடந்த 2022 பொதுத்தேர்தலில் கிள்ளானின் வாக்காளர்கள் 208,000ஐத் தாண்டிவிட்டார்கள். பாங்கியில் 303,430. இத்தனை பெரிய தொகுதிகளைச் சரிசெய்யப் போனால் நிறையச் செங்கல் இடம் மாறும்.

மாமாவும் நானும் சேர்ந்து புதிய அறிவிப்பு ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். முதல் வரி, இது நிலத்தையோ வரியையோ பற்றியதல்ல என்பது. இரண்டாவது, உங்கள் வட்டாரத்தின் பெயரும் குறியீடும் பார்த்து எழுதி வாருங்கள் என்பது. மூன்றாவது, அடையாள அட்டையில் இந்தத் தொகுதி முகவரி இல்லாதவர்களும் கூட்டத்துக்கு வரலாம், ஆனால் தனித் தாளில் கையெழுத்திடுங்கள் என்பது. அது அத்தை சேர்த்தது. நான்காவது வரியில், “ஆணையத்தின் அறிவிப்பு வெளியான நாள்: ____. ஆட்சேபனைக்குக் கடைசி நாள்: ____” என்று இருக்கிறது. அந்த இரண்டு இடத்தையும் நிரப்பாமல் தாளை யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று மாமா சிவப்புப் பேனாவால் மேலே எழுதிவிட்டார்.